அதே ஏழைகளா, வேறு ஏழைகளா?

100 குடும்பங்கள் உள்ள ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். இந்த ஆண்டு கணக்கெடுத்தால் 30 குடும்பங்கள் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்கின்றன. அடுத்த ஆண்டு எடுத்தாலும் 30தான். வறுமை அப்படியே இருக்கிறது என்று அறிக்கை எழுதிவிடுவார்கள். ஆனால், அந்த 30 குடும்பங்களும் போன ஆண்டு ஏழையாக இருந்த அதே குடும்பங்களா? அல்லது 15 குடும்பங்கள் மேலே ஏறி, வேறு 15 குடும்பங்கள் கீழே விழுந்தனவா? முதல் ஊரில் சிலர் நிரந்தரமாகச் சிக்கிக்கிடக்கிறார்கள். இரண்டாவது ஊரில் பலர் விழுந்து எழுந்துகொண்டிருக்கிறார்கள். 30 என்ற எண் இந்த இரண்டு ஊர்களையும் ஒன்றாகவே காட்டும்.

ஒரு குறிப்பிட்ட நேரத்தில் மக்களை ஒருமுறை மட்டும் கேட்டுப் பதிவு செய்வதைக் குறுக்குவெட்டு ஆய்வு என்கிறார்கள். நம் நாட்டின் நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு இந்த வகை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நடந்தாலும், ஒவ்வொரு முறையும் புதிய குடும்பங்களைத் தேர்ந்தெடுத்துத்தான் கேட்கிறார்கள். அதிலிருந்து நாட்டின் வறுமை கூடியதா குறைந்ததா என்று சொல்லலாம். ஒரு குடும்பத்துக்கு என்ன ஆனது என்று சொல்ல முடியாது. அதற்கு, அதே குடும்பங்களிடம் ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பப் போக வேண்டும். அதுதான் நெடுங்கால ஆய்வு. அப்படித் தொடர்ந்து பின்பற்றப்படும் குழுவுக்குப் பேனல் என்று பெயர்.

இந்தியாவில் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. ஐதராபாத் அருகே பட்டன்சேருவில் உள்ள இக்ரிசாட் என்ற பன்னாட்டு வேளாண் ஆய்வு நிறுவனம், 1975-ல் மெகபூப்நகர், சோலாப்பூர், அகோலா மாவட்டங்களில் ஆறு கிராமங்களைத் தேர்ந்தெடுத்தது. எல்லாம் வானம் பார்த்த பூமி. ஒவ்வொரு கிராமத்திலும் 40 குடும்பங்கள்: நிலமற்ற கூலிக் குடும்பங்கள் 10, சிறு, நடுத்தர, பெரு விவசாயக் குடும்பங்கள் 30. ஆய்வாளர் அந்தக் கிராமத்திலேயே குடியிருந்தார். மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை வீடுவீடாகப் போய், யார் எத்தனை நாள் கூலிக்குப் போனார், எதை விற்றார், எவ்வளவு கடன் வாங்கினார் என்று எழுதிக்கொண்டார். போன ஆண்டு எவ்வளவு சம்பாதித்தீர்கள் என்று ஒரே நாளில் கேட்டால் நிலமற்ற கூலித் தொழிலாளியால் சரியாகச் சொல்ல முடியாது. போன மாதம் எந்தக் காட்டில் களையெடுத்தார் என்பது அவருக்கு நினைவிருக்கும்.

1975 முதல் 1984 வரையிலான ஒன்பது ஆண்டுப் பதிவுகளை ராகவ் கய்ஹா, அனில் தேவலாலிகர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். 100 குடும்பங்களில் ஏறத்தாழ 22 குடும்பங்கள் ஒன்பது ஆண்டுகளும் ஏழையாகவே இருந்தன. ஒரு தடவைகூட ஏழையாகாதவை ஏறத்தாழ 12. மீதி 66 குடும்பங்கள் சில ஆண்டுகள் கோட்டுக்குக் கீழேயும் சில ஆண்டுகள் மேலேயும் இருந்தவை. ஏழைகள், ஏழையல்லாதவர்கள் என்று ஊரை இரண்டாகப் பிரித்துப் பேசுகிறோமே, அந்தப் பிரிவில் அடங்காதவர்கள்தான் அங்கே பெரும்பான்மை.

இங்கே ஒரு கணக்குச் சிக்கலும் இருக்கிறது. ஓர் ஊரில் 10 குடும்பங்கள் பத்து ஆண்டுகளும் ஏழைகள் என்று வையுங்கள். இவர்களைத் தவிர, ஆண்டுதோறும் வெவ்வேறு 10 குடும்பங்கள் ஓராண்டு மட்டும் வறுமையில் விழுந்து எழுகின்றன. எந்த ஆண்டு போய்க் கேட்டாலும் 20 ஏழைக் குடும்பங்கள் இருக்கும்; அவற்றில் பாதி நிரந்தர ஏழைகள். ஆனால் பத்து ஆண்டுகளில் வறுமையைத் தொட்டவை மொத்தம் 110 குடும்பங்கள். அவற்றில் நிரந்தர ஏழைகள் 10தான். பாதி என்பதும் உண்மை, பதினொன்றில் ஒன்று என்பதும் உண்மை. நீண்ட காலம் ஏழையாக இருப்பவர் எந்த நாளில் போனாலும் கணக்கில் விழுவார். ஓராண்டு மட்டும் விழுந்தவர், சரியாக அந்த ஆண்டில் போனால்தான் அகப்படுவார். 1968 முதல் மிச்சிகன் பல்கலைக்கழகம் அமெரிக்கக் குடும்பங்களைப் பின்தொடர்ந்து சேர்த்த தரவுகளை வைத்து, மேரி ஜோ பேன், டேவிட் எல்வுட் இருவரும் 1986-ல் இதையே நிறுவினார்கள்: புதிதாக வறுமையில் விழுபவர்களில் பெரும்பாலோர் சீக்கிரம் மீள்கிறார்கள்; ஆனால் ஒரு நாளில் எண்ணினால் அகப்படும் ஏழைகளில் பெரும்பாலோர் நீண்ட வறுமையின் நடுவில் இருப்பவர்கள்.

இரு வகையினருக்கும் தேவைப்படும் உதவி வேறு. நிலமும் படிப்பும் உடல் வலுவும் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடப்பவருக்கு ஓய்வூதியம், சொத்து, பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும். மழை பொய்த்ததால் ஓராண்டு சறுக்கியவருக்கு அந்தக் கோடையைத் தாண்டக் கைவேலை கிடைத்தால் போதும். மாட்டை விற்காமல் தப்பித்துவிடுவார். மகாராஷ்டிர அரசு 1970-களிலேயே வேலை உறுதித் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. ஆந்திரத்தின் ஔரேபள்ளேயில் அப்படித் திட்டமில்லை. மகாராஷ்டிரத்தின் ஷிராபூரிலும் கன்சாராவிலும், நிலமற்றவர்களின் வருமானம் ஔரேபள்ளேயில் இருந்ததைவிட நிலையாக இருந்ததை இக்ரிசாட் பதிவுகள் காட்டின. வருமானம் ஆண்டுக்காண்டு எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பது, அதே வீட்டுக்குத் திரும்பப் போகிறவருக்குத்தான் தெரியும்.

தொடர் ஆய்விலும் ஏமாற இடமுண்டு. முதலாவது, ஆட்கள் நழுவிவிடுவது. பிழைக்க வெளியூர் போன குடும்பம் பட்டியலிலிருந்து மறைந்துபோகும். போனவர்கள் பெரும்பாலும் ஏழைகள் என்றால், மிச்சமிருப்பவர்களை வைத்து ஊர் முன்னேறிவிட்டது என்று தவறாகச் சொல்லிவிடுவோம். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி, காணாமல்போனவர்களின் முதல் ஆண்டு விவரங்களை இருப்பவர்களின் முதல் ஆண்டு விவரங்களோடு ஒப்பிடுவது. அடுத்தது, பாகப்பிரிவினை. மகன் தனிக்குடித்தனம் போனால் எது பழைய குடும்பம் என்ற கேள்வி வரும்.

மூன்றாவதுதான் மிகவும் தந்திரமானது. கோட்டுக்குச் சற்று மேலே இருக்கும் குடும்பத்தின் வருமானத்தை ஓராண்டு கொஞ்சம் குறைத்து எழுதிவிட்டால், அது விழுந்ததாகிவிடும். அடுத்த ஆண்டு சரியாக எழுதினால் எழுந்ததாகிவிடும். யாரும் விழவுமில்லை, எழவுமில்லை, பதிவில்தான் பிழை. அதனால் தேர்ந்த ஆய்வாளர், விழுந்ததாகச் சொல்லப்படும் வீட்டில் கடன் ஏறியதா, மாடு விற்றதா, உணவுச் செலவு குறைந்ததா என்றும் பார்ப்பார். அவை எதுவும் அசையவில்லை என்றால் அந்த வீழ்ச்சியை நம்பமாட்டார்.

நாடு தழுவிய அளவில், இந்திய மனிதவள மேம்பாட்டு ஆய்வு இதே வழியில் 2004-05-ல் தொடங்கியது. நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள். 2011-12-ல் அவற்றில் ஏறத்தாழ 83 விழுக்காட்டை மீண்டும் சந்தித்தார்கள். உள்ளூரிலேயே பிரிந்துபோன குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். 2022-24-ல் மூன்றாம் சுற்று நடந்தது. சோனால்டே தேசாயும் உடன் ஆய்வாளர்களும் 2024-ல் வெளியிட்ட முதல்நிலைக் கணக்கின்படி, வறுமை 21.2 விழுக்காட்டிலிருந்து 8.5 ஆகக் குறைந்திருக்கிறது. அந்த 8.5-ல் 3.2 மட்டுமே முன்பும் ஏழையாக இருந்தவர்கள், மீதி 5.3, இடையில் விழுந்தவர்கள்.

பழைய பட்டியலில் பெயர் இருந்தால்தான் உதவி என்ற திட்டம், இந்த 5.3 விழுக்காட்டினரைத் தொடாது. பட்டியல் எழுதிய நாளில் அவர்கள் நன்றாக இருந்தார்கள். நோயோ வேலையிழப்போ அதற்குப் பிறகுதான் வந்தது. ஆகவே வறுமை இத்தனை விழுக்காடு குறைந்தது என்று படிக்கும்போது இன்னும் இரண்டு எண்களைக் கேட்க வேண்டும்: ஏறியவர்கள் எத்தனை பேர், புதிதாக விழுந்தவர்கள் எத்தனை பேர்? அதே கதவுகளை மறுபடியும் தட்டாத எந்தக் கணக்கெடுப்பாலும் அவற்றைத் தர முடியாது.