இரவுச் சாலையில் தரை தரும் குறிப்புகள்

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், ஒரு நொடியில் ஏறத்தாழ 22 மீட்டரைக் கடந்துவிடுகிறது. இரவில் நான்குவழி நெடுஞ்சாலையிலிருந்து இடப்புறம் இறங்க வேண்டிய ஒருவர், அந்த இடம் கண்ணில் பட்ட பிறகு முடிவெடுத்தால் காலம் போதாது. அதற்காகவே சாலையின் தரை முன்கூட்டியே பேசத் தொடங்குகிறது.

முதலில் தென்படுவன அம்புக்குறிகள். நாம் அவற்றைச் சாய்வான பார்வையில் காண்பதால், வேண்டுமென்றே மிக நீளமாக வரையப்படுகின்றன. நேராகவும் இடப்புறமும் பிரியும் அம்பு இருப்பின், அத்தடத்திலிருந்து இரு வழியும் செல்லலாம். இடப்புறம் மட்டுமே காட்டும் அம்பு இருப்பின், நேரே செல்வோர் அப்போதே தடம் மாறிவிட வேண்டும்.

அடுத்து, பூனைக்கண் எனப்படும் ஒளிபிரதிபலிப்பான்கள். இடது விளிம்பில் சிவப்பும், வலப்புற மையத்தடுப்பின் ஓரம் மஞ்சளும், தடங்களுக்கு இடையில் வெள்ளையும் ஒளிர்வது முறை. இடது விளிம்பில் சிவப்பு நின்று பச்சை தொடங்கினால், அவ்விடத்தில் கோட்டைக் கடந்து வெளியேறலாம் என்று பொருள். மழையில் இவற்றின் அருமை விளங்கும். சாலைக் கோடுகள் இரவில் ஒளிர்வதற்குக் காரணம், அவற்றில் பதிந்துள்ள நுண்ணிய கண்ணாடி மணிகள். மழைநீர் அவற்றின்மேல் படலமாகப் படிந்தால் விளக்கொளி நம்மிடம் திரும்பாது. கோடு மறைந்ததுபோல் தோன்றும். பூனைக்கண்ணோ தரைமட்டத்திற்குமேல் எழுந்து நிற்பதால் அப்போதும் ஒளிரும்.

இரு வழிகளும் பிரியும் முனையில், கோடுகளுக்கு நடுவே சாய்ந்த வரிகள் இட்ட முக்கோணப் பரப்பு உண்டு. அது காலியாகவே இருக்க வேண்டிய இடம். தடுமாறி வரும் வாகனம், முனையிலுள்ள தடுப்பில் மோதுமுன் வேகத்தைக் குறைக்க அவ்விடம் உதவுகிறது. வழியைத் தவறவிட்டவர் கடைசி நொடியில் அதன் குறுக்கே பாய்ந்தாலோ, அங்கே நின்று கைப்பேசியில் வழி தேடினாலோ, பின்னால் வருபவர் அதை எதிர்பார்த்திருக்க மாட்டார். பின்னோக்கி வருவது அதனினும் கொடிது. அடுத்த பிரிவுவரை சென்று திரும்புவதற்குச் சில நிமிடங்களே கூடுதலாகும்.

இறங்கிய வழி மற்றொரு சாலையைச் சந்திக்குமுன், குறுக்காகப் போடப்பட்ட தடித்த பட்டைகள் சக்கரத்தை அதிரச் செய்யும். இவை வேகத்தடைகள் அல்ல. வேகமாகச் செல்லும் வாகனத்தை இவை நிறுத்திவிடா. எதிரே சந்திப்போ, பள்ளியோ, சுங்கச்சாவடியோ இருக்கிறது என்று ஒலியாலும் அதிர்வாலும் எச்சரிப்பவை மட்டுமே. அதிர்வை உணர்ந்தவுடன் முடுக்கியிலிருந்து காலை எடுப்பதே முறை. இருசக்கர வாகனத்தினர் அதிர்வைத் தவிர்க்கச் சாலையின் ஓரத்திற்கு ஒதுங்குவது வழக்கம். அங்கு நடந்து செல்வோருக்கு அதுவே ஆபத்தாகிறது.

தேய்ந்த கோடுகளும் பெயர்ந்த பூனைக்கண்களும் நம் சாலைகளில் உண்டு. வரிசையாக வந்த ஒளிப்புள்ளிகள் திடீரென நின்றுவிட்டால், வழி திறந்துள்ளது என்று கருதாமல், அவை பெயர்ந்து போயிருக்கலாம் என்றெண்ணி வேகத்தைக் குறைப்பதே அறிவுடைமை.