மூட்டு மாற்று அறுவை: பணத்துக்கு என்ன வழி?

முழங்கால் மூட்டு மாற்ற நாள் குறிக்கும் முன், இரண்டு விலைகளைத் தனித்தனியாகக் கேளுங்கள்: மருத்துவமனைக் கட்டணம் எவ்வளவு, செயற்கை மூட்டு எவ்வளவு?

அரசு மருத்துவமனை
ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனூன் மருத்துவமனையில், மூன்றாம் வகுப்பில் குடிமக்களுக்குக் கட்டணம் 500 வெள்ளிக்கு மேல் போகாது. 60 வயதைக் கடந்தவர்களுக்கு 250 வெள்ளிதான். செயற்கை மூட்டின் விலை இதில் சேராது. பெரிய செலவே அதுதான். கட்ட முடியாதென்றால், அங்குள்ள மருத்துவ சமூகப் பணி அதிகாரியைப் பாருங்கள். குடும்ப வருமானத்தைப் பார்த்து, உதவிநிதிக்கு மனு செய்ய அவர் வழிகாட்டுவார். மூட்டை வாங்கிய பிறகு கேட்காதீர்கள், முன்பே கேளுங்கள்.

தனியார் மருத்துவமனை
பழைய காப்புறுதி இருந்தால், உத்தரவாதக் கடிதம் கிடைத்த பிறகே சேருங்கள். இப்போது புதிதாக எடுக்கும் காப்புறுதி, ஏற்கெனவே உள்ள மூட்டு வலிக்குப் பணம் தராது.

தவணை என்றால், மாதத் தொகையை மட்டும் பார்க்காமல், கட்டி முடிக்கும்போது மொத்தம் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள்.

சேமிப்பா, கடனா?
சேமிப்புக்கு வட்டி இல்லை. ஆனால் முழுவதையும் எடுத்துவிடாதீர்கள். அறுவைக்குப் பின் உடற்பயிற்சி சிகிச்சைக்குப் பலமுறை வர வேண்டும். தோட்டப்புறத்திலிருந்து வருவோருக்கு வண்டிச் செலவே கூடும்.

உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர், அடமானமில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக்கூடாது. அந்த வட்டியில் 5,000 வெள்ளியை 2 ஆண்டுகளுக்கு வாங்கினால், 6,800 வெள்ளி கட்டுவீர்கள். அதற்கு மேல் கேட்பவரிடமும், வங்கி அட்டையைப் பிடித்து வைப்பவரிடமும் வாங்காதீர்கள்.