பின்னாலிருந்து போடும் விலை

திருப்பூரில் சின்ன யூனிட் நடத்துபவருக்கு ஜெர்மனியிலிருந்து விசாரணை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பருத்தி பின்னலாடை டி-ஷர்ட், 5,000 பீஸ். எல்லாச் செலவும் சேர்ந்து ஹாம்பர்க்கில் உள்ள தன் குடோனுக்கு வந்து இறங்கும்போது பீஸ் 270 ரூபாயைத் தாண்டக் கூடாது என்கிறார் வாங்குபவர். அப்படியானால் தூத்துக்குடியில் கப்பல் ஏற்றும் எஃப்ஓபி விலையாக நாம் எவ்வளவு கேட்கலாம்?

இதைப் பின்னாலிருந்துதான் போட வேண்டும். ஹாம்பர்க் துறைமுகக் கட்டணம், கஸ்டம்ஸ் ஏஜென்ட், லாரி எல்லாம் சேர்த்து பீஸுக்கு 16 ரூபாய் ஆகும் என்றால் மிச்சம் 254. சரக்கின் விலை, கப்பல் கூலி, இன்சூரன்ஸ், இவற்றின் மேல் விழும் வரி எல்லாம் இந்த 254-க்குள் அடங்க வேண்டும். சலுகை ஏதும் இல்லாத நிலையில் இந்த டி-ஷர்ட்டுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் வரி 12 சதவீதம். அது எஃப்ஓபி விலைக்கு மட்டுமல்ல, கப்பல் கூலியும் இன்சூரன்ஸும் சேர்ந்த சிஐஎஃப் விலைக்குப் போடப்படுவது.

பலர் சறுக்குவது இங்கேதான். 254-இல் 12 சதவீதத்தைக் கழித்து 223.52 என்று எழுதிவிடுகிறார்கள். வரி ஏறுவதோ சிஐஎஃப் மேல். ஆகவே 254-ஐ 1.12-ஆல் வகுக்க வேண்டும், வருவது 226.79. கப்பல் கூலி 8, இன்சூரன்ஸ் 1 போக எஃப்ஓபி 217.79. கழித்துப் போட்டவர் 214.52 என்று கொடுத்திருப்பார். யாரும் பேரம் பேசாமலே 16,000 ரூபாய்க்கு மேல் போய்விட்டது. துணி, தையல், பேக்கிங், தூத்துக்குடி வரையிலான செலவு எல்லாம் சேர்ந்து அடக்கம் 206 ஆகிறது என்றால், அவருடைய லாபத்தில் இது கால்பங்குக்கும் மேல்.

அடுத்த கேள்வி வரும்: “டிடிபி விலை கொடுங்களேன்.” வரியும் நாமே கட்டி, வாசல்வரை கொண்டுவந்து கொடுப்பது. 270 என்று எழுதித் தந்துவிடலாம் போலத்தான் தோன்றும். ஆனால் ஜெர்மனியில் இறக்குமதியின்போது 19 சதவீத வாட் வரியும் உண்டு. 270-க்கு அது 51.30. அங்கே பதிவு பெற்ற வியாபாரிக்கு அது திரும்பக் கிடைக்கும் பணம் என்பதால் அவர் அதை அடக்கத்திலேயே சேர்க்க மாட்டார். பதிவில்லாத நமக்கு அது முழுச் செலவு. 12 ரூபாய் லாபத்தைப் போல நாலு மடங்குக்கும் மேல். போதாததற்கு, ஐரோப்பாவில் நிறுவனம் இல்லாதவர் பொதுவாகத் தன் பெயரில் இறக்குமதி அறிவிப்பு கொடுக்கவும் முடியாது; பொறுப்பேற்கும் ஏஜென்ட் ஒருவரைத் தேட வேண்டும், அவருக்கும் கட்டணம்.

வாசல்வரை கொண்டுவந்தே தர வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்தால் டிஏபி விலை கொடுக்கலாம். சரக்கை அவர் இடம்வரை சேர்ப்பது நம் பொறுப்பு. இறக்குமதி கிளியரன்ஸ், சுங்கவரி, வாட் மூன்றும் அவருடையது. வரி விகிதம் வர்த்தக ஒப்பந்தங்களால் மாறக்கூடியது என்பதால், கொட்டேஷனில் 610910 என்ற எச்எஸ் குறியீட்டையும் விலை செல்லுபடியாகும் கடைசித் தேதியையும் எழுதிவிடுவது நல்லது.