எழுபது விநாடி ஷோரீல்: எதை வைப்பது, எதை விடுவது?

வீடியோ எடிட்டிங் கற்று, முதல் வாடிக்கையாளரைத் தேடும் இளைஞர்களின் ஷோரீல்களில் பத்தைப் பார்த்தால் ஒன்பது ஒரே மாதிரி இருக்கும். பெயர் சுழன்று வந்து மினுங்கும். கோபுரத்துக்கு மேல் டிரோன் பறக்கும். மணப்பெண் ஸ்லோமோஷனில் திரும்புவாள். பாட்டின் ஒவ்வொரு அடிக்கும் ஒரு ஷாட் மாறும். பார்த்து முடித்தவர் சொல்வது, “நல்லா ஷூட் பண்ணியிருக்காங்க.”

சிக்கல் அந்தப் பாராட்டில்தான் இருக்கிறது. அது கேமராமேனுக்குப் போய்விட்டது. செய்த வேலைகளிலிருந்து துண்டுகளைப் பொறுக்கிக் கோத்துக் காட்டும் சிறு வீடியோதான் ஷோரீல். ஒளிப்பதிவாளர் அதில் அழகான ஷாட்டுகளை அடுக்கலாம், அது அவருடைய வேலை. எடிட்டரின் வேலையோ ஷாட்டுக்குள் இல்லை. ஒரு ஷாட்டை எங்கே விட்டோம், அடுத்ததை ஏன் அந்த இடத்தில் எடுத்தோம் என்பதில் இருக்கிறது. ஒரு விநாடி மட்டும் தோன்றி மறையும் இருபது ஷாட்டுகளில் அது தெரியவே தெரியாது.

‘தி இங்கிலீஷ் பேஷண்ட்’ படத்துக்காக எடிட்டிங் ஆஸ்கர் வாங்கிய வால்டர் மர்ச், ‘இன் தி பிளிங்க் ஆஃப் அன் ஐ’ என்ற சிறு நூலில் நல்ல வெட்டு எதைப் பொறுத்தது என்று மதிப்பெண் போட்டிருக்கிறார். உணர்ச்சிக்கு 51 சதவீதம், கதைக்கு 23, தாளத்துக்கு 10. மிச்சம் பார்வையின் ஓட்டம், இடத்தின் தொடர்ச்சி போன்றவற்றுக்கு. அதைத் தராசாக வைத்துப் பார்த்தால், பாட்டுக்கு வெட்டிய மாண்டாஜ் காட்டுவது அந்தப் பத்தை மட்டும். உணர்ச்சியும் கதையும் சேர்ந்த 74 வெளியே நிற்கிறது. ஆகவே ஷோரீலில் துண்டுகளைவிடத் தொடர்ச்சியான சிறு காட்சிகள் வேண்டும். நீளத்தையும் தேர்வையும் இந்த ஒரு முடிவிலிருந்தே எடுத்துவிடலாம்.

அதற்கு முன் பார்க்கப்போகிறவர் யார் என்று தெரிய வேண்டும். தமிழ்நாட்டின் சிறு ஊர்களில் புதிய எடிட்டருக்கு முதல் வேலை தரக்கூடியவர் பெரும்பாலும் கல்யாண ஸ்டுடியோக்காரர். முகூர்த்த மாதங்களில் அவரிடம் இரண்டு மூன்று கேமராக்களில் எடுத்த மணிக்கணக்கான ஃபுட்டேஜ் குவிந்து கிடக்கும். அதிலிருந்து டீசர், ஹைலைட்ஸ், முழு வீடியோ எல்லாம் வர வேண்டும். டிரோன் ஷாட் எடுக்க அவரிடமே ஆள் உண்டு. இந்தப் பையன் மூன்று கேமராவையும் ஒழுங்காக சிங்க் செய்வானா, தாலி கட்டும் நேரத்தில் சொதப்புவானா, பெரியவர் பேச்சைக் கச்சிதமாகச் சுருக்குவானா என்பதே அவருடைய கேள்வி.

ஓர் உதாரணத்தோடு போவோம். ஒரு புதிய எடிட்டரின் கையில் இருப்பவை இவை: அத்தை மகள் கல்யாணத்தின் ஃபுட்டேஜ், இரண்டு கேமராவும் ஒரு செல்போனும் சேர்த்து எடுத்தது, நண்பனின் 11 நிமிடக் குறும்படம், ஒரு டிபன் கடைக்குச் செய்த விளம்பரம், நடிகர்களின் படக்காட்சிகளை வைத்துச் செய்த சில ‘மாஸ் எடிட்’கள்.

மாஸ் எடிட் முதலில் வெளியே போகும். கை பழகுவதற்கு அது நல்ல பயிற்சிதான். ஆனால் அந்தக் காட்சிகளை ஒரு தேர்ந்த எடிட்டர் ஏற்கெனவே வெட்டியிருக்கிறார். அதை மீண்டும் வெட்டியதால், குவியலிலிருந்து பொறுக்கத் தெரியும் என்பது நிரூபணமாகாது. படத்தின் உரிமை வேறு ஒருவருடையது என்பது தனிச் சிக்கல். டிபன் கடை விளம்பரமும் போகட்டும், கல்யாண ஸ்டுடியோக்காரருக்கு அது எதையும் சொல்லாது. குறும்படத்தை ஒதுக்கும்போதுதான் மனசு கேட்காது. அதில் நல்ல வசனக் காட்சி இருக்கிறது. அதைக் குறும்பட இயக்குநர்களுக்கு அனுப்பும் வேறொரு ரீலுக்கு எடுத்து வைக்கலாம். எல்லோருக்குமான ஒரே ரீல் என்று செய்தால் யாருக்கும் அதில் பாதிதான் பொருந்தும்.

மிஞ்சியது ஒரே ஒரு கல்யாணம். போதும்.

முதல் காட்சி தாலி கட்டு, 22 விநாடி. “கெட்டி மேளம்” என்று ஐயர் குரல் கொடுக்கிறார். தவில் வேகம் எடுக்கிறது. சரியாக அந்த நேரம் பார்த்து ஒரு மாமா முன்னால் குனிந்து முதல் கேமராவை மறைத்துவிடுகிறார். எல்லாக் கல்யாணத்திலும் நடப்பதுதான். எடிட்டரின் சோதனை இங்கே. மறைந்த அந்த மூன்று விநாடியில், செல்போனில் பதிவான அம்மாவின் முகத்தை வைக்கிறோம். மாமா விலகியதும் மீண்டும் முதல் கேமராவின் குளோசப்புக்கு வந்தால், முடிச்சு போடும் கைகள். பிறகு பக்கத்துக் கேமராவின் அகலமான ஷாட்டில் அட்சதை விழுகிறது. பார்க்கிறவருக்கு எதையும் தவறவிட்டதாகத் தோன்றாது, அம்மாவைக் காட்டவே அங்கே வெட்டியதுபோல் இருக்கும். ஃபுட்டேஜில் இருந்த ஓட்டை அடைபட்டிருப்பது தொழில் தெரிந்த ஸ்டுடியோக்காரர் கண்ணில் படும்.

இதில் சினிமாப் பாட்டு வேண்டாம். அந்த மேளச் சத்தத்தையே வையுங்கள். மூன்று கேமராவின் சத்தத்தையும் மாற்றி மாற்றிப் போட்டால் ஒவ்வொரு வெட்டிலும் மேளம் துண்டுபடும். எந்தக் கேமராவில் ஒலி தெளிவாக, பிசிறடிக்காமல் பதிவாகியிருக்கிறதோ அந்த ஒன்றை மட்டும் 22 விநாடியும் ஓட விட்டு, மேலே படங்களை மட்டும் மாற்ற வேண்டும். சிங்க் சரியா என்று பார்க்க எளிய வழி உண்டு. தவில் குச்சி தோலில் படும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். நொடிக்கு 25 ஃபிரேமில் இரண்டு ஃபிரேம் தள்ளியிருந்தாலே கண்ணுக்கு உறுத்தும். செல்போன் வீடியோ தொடக்கத்தில் பொருந்தி, போகப் போக விலகினால் காரணம் வேறு: பல செல்போன்கள் ஃபிரேம் வேகத்தைச் சீராக வைப்பதில்லை. ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் சீரான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றிய பிறகு டைம்லைனில் போட்டால் அந்தத் தொல்லை தீரும்.

இரண்டாவது ரிசப்ஷன், 16 விநாடி. பாட்டும் வேகமும் இங்கே வரட்டும், தாளம் தெரியும் என்று காட்ட இது போதும். ஸ்லோமோஷன் ஒன்றோ இரண்டோ வைக்கலாம், நொடிக்கு 50 ஃபிரேமில் எடுத்த ஷாட்டில் மட்டும். 25-இல் எடுத்ததை இழுத்தால் கை வீசும்போது தடுக்கித் தடுக்கி நகரும். பாட்டை யூடியூப்பின் ஆடியோ லைப்ரரியிலிருந்து எடுங்கள். சினிமாப் பாட்டு போட்டால் உரிமைக்காரரின் கோரிக்கை வந்து, சில நேரம் வீடியோவே முடங்கும். வேலை கேட்டு அனுப்பிய இணைப்பு திறக்காமல் போவதைப் போல அசிங்கம் வேறில்லை.

மூன்றாவது, பெண்ணின் அப்பா பேசுவது, 26 விநாடி. அவர் பேசியது இரண்டு நிமிடத்துக்கு மேல். “அது வந்து”, “என்ன சொல்றது” என்று நிறையத் தயக்கம். எல்லாவற்றையும் துடைத்துவிட்டால் மனிதர் செய்தி வாசிப்பவர்போல ஆகிவிடுவார். சொல்ல வந்ததைத் தள்ளிப்போடும் தயக்கங்களை எடுத்துவிட்டு, தொண்டை அடைத்து நிற்கும் அந்த ஓர் இடைவெளியை அப்படியே விட வேண்டும். எடுத்த இடங்களில் படம் குதிக்கும். அங்கே மகள் மாலையோடு நிற்பது, பந்தியில் அவர் பரிமாறுவது போன்ற ஷாட்டுகளைப் போர்த்தினால் குதிப்பு மறையும். ரிசப்ஷனின் கடைசி இரண்டு விநாடியிலேயே பாட்டைத் தாழ்த்தி அவர் குரலைத் தொடங்கிவிடலாம், முகம் பிறகு வரட்டும். எடிட்டர்கள் ஜே கட் என்று சொல்வது இதைத்தான். இந்த மூன்றில் வேலை வாங்கித் தரக்கூடியது இதுவே என்பது என் கணக்கு. டிரோன் ஷாட் எல்லோரிடமும் இருக்கும், இரண்டு நிமிடப் பேச்சைக் கண் கலங்கும் 26 விநாடியாக்கிக் காட்டுபவர்கள் குறைவு.

கடைசி 5 விநாடி பெயர், தொலைபேசி எண், ‘எடிட்டிங்’ என்ற ஒரு சொல். முன்னால் லோகோ வேண்டாம், நேரே ஐயர் குரலில் தொடங்கலாம். மொத்தம் 69 விநாடி. இரண்டரை நிமிடம் இழுத்தால் என்ன ஆகும்? நல்லது மூன்று தீர்ந்த பிறகு நான்காவது, ஐந்தாவது தரத்தில் உள்ளவை உள்ளே வரும். ரீலைப் பார்ப்பவர் அதில் மோசமானதை வைத்தே எடை போடுவார், நமக்கு எது மோசம் என்று தெரியவில்லை என்றும் எடுத்துக்கொள்வார். நல்ல காட்சி இரண்டுதான் இருக்கிறது என்றால் 45 விநாடியோடு நிறுத்துங்கள்.

அனுப்புமுன் ஒரு பரிசோதனை. எடிட்டிங் தெரியாத ஒருவர் கையில் செல்போனைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் பக்கத்தில் உட்காருங்கள். எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டாம், நல்லா இருக்கிறது என்றுதான் சொல்வார். அவர் கட்டை விரல் எங்கே திரையைத் தொடப் போகிறது, கண் எங்கே விலகுகிறது என்று கவனியுங்கள். அந்த இடத்துக்கு மூன்று நான்கு விநாடிக்கு முன்னால்தான் கோளாறு இருக்கும்: ஒரு ஷாட் தேவைக்கு மேல் நின்றிருக்கும், அல்லது யார் யாருக்கு என்ன உறவு என்று புரியாமல் போயிருக்கும்.

பெண் வீட்டாரிடமும் எடுத்த ஸ்டுடியோவிடமும் அனுமதி கேட்டாக வேண்டும். சொந்தத்தில் கல்யாணமே இல்லாதவர்கள், திறந்த உரிமத்தில் கிடைப்பதை வைத்துப் பழகலாம். பிளெண்டர் அமைப்பு 2012-இல் வெளியிட்ட ‘டியர்ஸ் ஆஃப் ஸ்டீல்’ குறும்படத்துக்காகக் கேமராவில் எடுத்த மூலக் காட்சிகளே பெயர் குறிப்பிடும் நிபந்தனையோடு கிடைக்கின்றன. ரீலில் அது பயிற்சி என்று எழுதிவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் வீடியோவாகவே அனுப்பினால் அது அமுக்கிவிடும், அட்சதை விழும் ஷாட் கட்டம் கட்டமாக உடையும். யூடியூப்பில் ‘அன்லிஸ்டட்’ ஆக ஏற்றி இணைப்பை அனுப்பலாம். கூடவே நான்கு வரி:

“வணக்கம் அண்ணே. கல்யாண வீடியோ எடிட் பண்றேன். இது 69 விநாடி ரீல். மூணு கேமரா ஃபுட்டேஜ், சிங்க், கட், கலர் எல்லாம் நான் பண்ணது. ஷூட் நான் இல்ல. தாலி கட்டு காட்சிக்கு ஒன்றரை நாள் ஆச்சு.”

கடைசி வரியைச் சேர்க்கத் தயங்க வேண்டாம். பிடித்திருந்தால் அவர் அடுத்துச் செய்வது ஒரு கல்யாணத்தின் ஹார்ட் டிஸ்க்கைக் கொடுத்து, “ஒரு மூணு நிமிஷம் பண்ணிக் காட்டு, நாளை மறுநாள் வேணும்” என்று சொல்வதுதான். பத்து நாள் தேய்த்த காட்சியை ரீலில் வைத்துவிட்டு நேரத்தை மறைத்தவர் அங்கே மாட்டிக்கொள்வார். அதனால் ரீலுக்கு எடுக்கும் ஒவ்வொரு காட்சிக்கும் எத்தனை மணி நேரம் ஆனது என்று குறித்து வையுங்கள். இரண்டு நாளில் மறுபடி செய்ய முடியாத காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் முதல் ரீலில் வேண்டாம்.