இருந்த நிலைக்கு ஒரு காற்சட்டை

கடைகளில் தொங்கும் காற்சட்டைகள் எல்லாமே நிற்கிற ஒருவருக்காக வெட்டப்பட்டவை. காலையிலிருந்து இரவு வரை சக்கர நாற்காலியில் இருப்பவர் அதைப் போட்டால் பின்பக்கம் இறங்கி முதுகு தெரியும். முன்பக்கத்தில் மிஞ்சும் துணி வயிற்றுக்குக் கீழே திரளும். கால்முனை கணுக்காலுக்கு மேலே ஏறிவிடும். இவை பார்வைக்குத்தான் குறை. பின்பொக்கற்றும் தடித்த தையலும் செய்வது வேறு.

முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவருக்குக் காயத்துக்குக் கீழே உணர்வு இருக்காது, அல்லது குறைவாக இருக்கும். நமக்கு ஒரு பொத்தான் உறுத்தினால் அறியாமலே அசைந்து இருப்போம். அவருக்கு அந்த உறுத்தல் தெரியாது. உடம்பின் பாரம் இருப்பெலும்புகள் மீது விழ, எலும்புக்கும் பொத்தானுக்கும் இடையில் அகப்பட்ட சதைக்கு இரத்தம் போகாது. அழுத்தப்புண் இப்படித்தான் தொடங்குகிறது. அதில் கிருமி தொற்றி எலும்பு வரை போனால் உயிருக்கே ஆபத்து. புத்தளம் கரையோரத்தின் வெக்கையில் வியர்வை காயாமல் தோல் ஊறிப்போவதால், அது இன்னும் சுலபமாகக் கிழியும்.

உடப்பில் நான் சந்தித்தவர் வன்னியைச் சேர்ந்தவர். 2009 இல் முதுகில் ஷெல் துண்டு பட்டது. திருமணம் முடித்து இங்கே வந்து, வீட்டு முகப்பில் சிறிய ரீலோட் கடை வைத்திருக்கிறார். "சாரத்தோட கடையில இருந்தா நோயாளி எண்டுதான் பாக்கினம்" என்றார். அதனால் டெனிம் போட்டார். பின்பொக்கற்றின் மூலை அழுத்திய இடத்தில் வந்த புண் ஆற நான்கு மாதம் எடுத்தது. அவ்வளவு காலமும் குப்புறப் படுக்கை, கடைக்குப் பூட்டு.

இப்போது அவர் போடுவது பக்கத்து வீட்டில் தைக்கும் பெண் மாற்றிக் கொடுத்த காற்சட்டை. அவர் வேலை செய்வதை நான் கூட இருந்து பார்த்தேன். "அண்ணா, இருந்தபடியே இருங்க" என்று சொல்லி நாற்காலியிலேயே அளவெடுத்தார். டெனிமுக்குப் பதில், கொஞ்சம் இழுபடும் மெல்லிய பருத்திக் கலப்புத் துணியில் ஒரு சுற்று பெரிய காற்சட்டையை எடுத்தார். பின்பொக்கற் இரண்டையும் பிரித்து அகற்றினார். பிறகு பின் இடுப்புப் பட்டியைக் கழற்றி, பிறை வடிவில் ஒரு துண்டை இடையில் வைத்துத் தைத்தார். நடுவில் 2 அங்குல உயரம், பக்கத் தையலை நெருங்கும்போது ஒன்றுமில்லாமல் தேய்ந்துவிடும். முன்பக்கத்தில் 1 அங்குலம் குறைத்தார். இப்போது பின்பக்கம் முதுகை மூடுகிறது, முன்பக்கம் திரளவில்லை.

கால் நீளத்துக்கு 2 அங்குலம் கூட்டினார். இடுப்பின் பின்பாதிக்கு மட்டும் அகலமான இலாஸ்டிக் போட்டதால் முன்னால் இருந்து பார்ப்பவருக்குச் சாதாரண காற்சட்டையாகவே தெரிகிறது. இடுப்பின் இரு பக்கமும் உள்ளே விரல் நுழையும் துணி வளையம் தைத்தார். கட்டிலில் படுத்தபடி பக்கம் பக்கமாகப் புரண்டு காற்சட்டையை மேலே இழுக்க அது உதவும். சிப்பை நீளமாக்கியதால் சிறுநீர்க் குழாய் மடங்காமல் வெளியே வருகிறது. கைத்தொலைபேசிக்குத் தொடையின் மேற்புறத்தில் ஒரு பொக்கற்.

தவிர்க்க முடியாதது பின் நடுத்தையல். அது எப்படியும் அடியில்தான் வரும். தடித்த இரட்டை மடிப்பாக இல்லாமல், இரண்டு ஓரத்தையும் விரித்து அயன் பண்ணித் தட்டையாக்கினார்.

வீட்டில் சாரம்தான் வசதி என்பவர்கள், மூட்டிய சாரத்தின் தையலைப் பிரித்துவிடலாம். திறப்பு பின்னால் வரும்படி சுற்றி, ஓரங்களைத் தொடையின் இரு பக்கமும் செருகினால் இருக்கைக்கு அடியில் மடிப்பு வராது. முன்பக்கம் முழுதும் மூடியிருக்கும். ஹபாயாவிலும் நீளப் பாவாடையிலும் பின்பாதியைத் திறந்து வெட்டி இதையே செய்யலாம். கீழ் ஓரம் கணுக்காலோடு நிற்க வேண்டும். அதற்கு மேல் நீண்டால் முன்சக்கரத்தில் சிக்கும்.

எந்தப் புது உடுப்பையும் முதல் நாள் இரண்டு மணித்தியாலம் மட்டும் போட்டுப் பாருங்கள். பிறகு கழற்றி, கண்ணாடியாலோ வீட்டாரின் உதவியாலோ இருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். தையலின் தடம் பதிந்திருக்கலாம், ஆனால் அரை மணித்தியாலத்துக்குள் மறைய வேண்டும். நம் கறுத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. எனவே தொட்டுப் பாருங்கள். சுற்றியுள்ள தோலைவிட அந்த இடம் சூடாகவோ, இறுகியோ, கருநீலமாகவோ இருந்தால் அந்த உடுப்பு சரியில்லை. நிறம் மாறும் வரை அந்த இடத்தில் பாரம் கொடுக்கக்கூடாது. மறுநாளும் அப்படியே இருந்தால் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

உடுப்பால் குறைவது உறுத்தல் மட்டுமே. நல்ல குஷனும், அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவையேனும் முன்னால் குனிந்தோ பக்கம் சாய்ந்தோ ஒன்றிரண்டு நிமிடம் பாரத்தை மாற்றுவதும் அப்போதும் வேண்டும். உடப்புக் கடைக்காரர் அதற்குத் தொலைபேசியில் அலாரம் வைத்திருக்கிறார். அது அடிக்கும்போது வாடிக்கையாளர் நின்றாலும் முதலில் முன்னால் குனிந்து நிமிர்ந்துவிட்டுத்தான் ரீலோட் போடுகிறார்.