பணம் போனதும் நேரத்தைக் குறியுங்கள்

வெள்ளி இரவு 11.40. ஓடிபி எதுவும் கேட்காமலே கணக்கிலிருந்து ரூ.48,000 எடுக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலை, 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைப்பது. பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க அவர்கள் முயல்வார்கள்; அதற்குள் வேறு கணக்குக்கு மாற்றிவிட்டால் மீட்பது கடினம். அடுத்து, வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லி, புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பிறகு cybercrime.gov.in தளத்தில் புகாரைப் பதியுங்கள்.

வங்கிக்கான கடிதத்தில் கதை வேண்டாம், நேர வரிசை போதும்: '11.40 குறுஞ்செய்தி வந்தது, 11.52 1930-ல் புகார், 12.05 வங்கிக்குத் தகவல்.' பரிவர்த்தனை எண், குறுஞ்செய்தியின் படம், போலீஸ் புகாரின் நகல் ஆகியவற்றை இணையுங்கள். முடிவில், 'இது என் அனுமதியின்றி நடந்தது. ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி தொகையைத் திரும்ப வரவு வைக்கக் கோருகிறேன்' என்று எழுதுங்கள்.

அந்த விதிகளின்படி, தவறு வங்கியிடமும் இல்லை, நம்மிடமும் இல்லை என்றால், தகவல் வந்த நாளை விட்டு 3 வேலை நாளுக்குள் புகார் செய்தவருக்கு நஷ்டமில்லை. வங்கி 10 வேலை நாளில் தற்காலிகமாகப் பணத்தை வரவு வைத்து, 90 நாளில் முடிவு சொல்ல வேண்டும். பொறுப்பு வாடிக்கையாளருடையது என்றால், அதை நிரூபிக்க வேண்டியது வங்கிதான்.

ஓடிபியை நாமே சொல்லியிருந்தால், புகார் செய்யும் வரையிலான நஷ்டம் நம்முடையது. அதன்பின் போகும் பணத்துக்கு வங்கியே பொறுப்பு. 30 நாளில் வங்கி பதில் தராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.