ரத்த ரிப்போர்ட்டுக்கு முன் விரலைப் பாருங்கள்

மருத்துவ மாணவர்களின் தேர்வில் வரும் மூட்டுவலிக் கேள்வி ஒன்று. 66 வயதுப் பெண். இரண்டு கைகளிலும் விரல் வலி. காலையில் எழும்போது விரல்கள் மடங்க மறுக்கின்றன. பத்து நிமிடத்தில் சரியாகிவிடுகிறது. நகத்தை ஒட்டிய கணுக்கள் கெட்டியாகப் புடைத்திருக்கின்றன. இ.எஸ்.ஆர். இயல்பு. ஆர்.ஏ. ஃபேக்டர் சற்றே கூடுதல். என்ன நோய்?

கடைசி வரியைப் பார்த்ததுமே முடக்குவாதம் என்று எழுதத் தோன்றும். கேள்வியில் வைத்த பொறி அதுதான். வயதானவர்களில் எந்த மூட்டு நோயும் இல்லாத சிலருக்கும் ஆர்.ஏ. ஃபேக்டர் லேசாகக் கூடியிருக்கும். விடை, விரல்களில்தான் இருக்கிறது.

முடக்குவாதம் மூட்டின் உட்சவ்வைத் தாக்குகிறது. அதனால் வீக்கம் தொட்டால் மெத்தென்று இருக்கும். காலை விறைப்பு ஒரு மணி நேரத்தையும் தாண்டும். மணிக்கட்டையும், விரல் உள்ளங்கையோடு சேரும் கணுவையும், நடுக்கணுவையும் இரு கைகளிலும் பிடிக்கும். நுனிக்கணுவைப் பெரும்பாலும் தொடாது. இந்தப் பெண்ணுக்கு நுனிக்கணுவில் எலும்பே முடிச்சாக வளர்ந்திருக்கிறது. இது மூட்டுத் தேய்மானம். வலி இருக்கும் இடத்தில் தடவும் ஜெல்லும் கைப்பயிற்சியும் போதுமான தொடக்கம். முடக்குவாதத்துக்கு முதலில் தரும் மெத்தோட்ரெக்சேட்டை இவருக்குக் கொடுத்தால் பலன் கிடைக்காது. கல்லீரலுக்கும் எலும்பு மஜ்ஜைக்கும் ஆபத்து மட்டும் மிஞ்சும்.

கவுட் கேள்வியில் பொறி தலைகீழாக இருக்கும். ரத்த அழுத்தத்துக்குத் தயசைடு மாத்திரை சாப்பிடும் 52 வயது ஆண், நள்ளிரவில் கால் பெருவிரல் வலியால் விழிக்கிறார். அடிக்கணு சிவந்து, போர்வை பட்டால்கூடத் துடிக்கிறார். யூரிக் அமிலமோ 6.2, ஆய்வகக் கணக்கில் இயல்பு. அதை வைத்துக் கவுட் இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. வலி உச்சத்தில் இருக்கும்போது ரத்தத்தில் அந்த அளவு இறங்குவதுண்டு. இரண்டு வாரம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். உறுதி செய்ய ஊசியால் மூட்டு நீரை எடுத்து, முனைவாக்க ஒளி நுண்ணோக்கியில் ஊசி வடிவப் படிகங்களைத் தேட வேண்டும். அதே நீரைக் கிருமிப் பரிசோதனைக்கும் அனுப்புவது அவசியம். படிகம் இருக்கும் மூட்டில் சீழும் பிடிக்கலாம். அதைத் தவறவிட்டால் சில நாட்களில் மூட்டே அழிந்துபோகும்.

மருந்துக் கேள்வியில் பலர் அல்லோபியூரினாலைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அது யூரிக் அமிலத்தைக் குறைக்கும். இன்றைய வலியைத் தணிக்காது. துணை மருந்தில்லாமல் தொடங்கினால் பழைய படிகங்கள் கரையும்போது வலி மறுபடி கிளம்பும். ஏற்கெனவே சாப்பிடுபவராக இருந்தால் நிறுத்தவும் கூடாது. வலிக்கு உரியவை நாப்ராக்சென் போன்ற வலி நிவாரணிகள், கால்ச்சிசின், ஸ்டீராய்டு ஆகிய மூன்றும். கேள்வியின் ஓரத்தில் கிரியாட்டினின் 2.8 என்று இருந்தால் முதலாவது சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும், இரண்டாவது உடலில் தேங்கி நஞ்சாகலாம். அங்கே விடை, சில நாட்களுக்குப் பிரெட்னிசோலோன்.